மெஷினுக்கு வங்கிப் பணம், கூலிக்குக் கைப் பணம்

கேள்வி: கோவையில் ஒன்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், என்னோடு இரண்டு பேர். கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்தான். மாதம் ஒன்றேகால் லட்சம் வரை பில் போடுகிறேன், பணம் கைக்கு வர 75 நாள் ஆகும். பெரிய லேத் ஒன்று வாங்கினால் இன்னும் 70 ஆயிரத்துக்கு வேலை எடுக்கலாம். விலை 6 லட்சம், ஜி.எஸ்.டி.யோடு 7.08 லட்சம். டெபாசிட்டில் 8 லட்சம் இருக்கிறது. ‘பணத்தை வைத்துக்கொண்டு எதற்கு வட்டி கட்ட வேண்டும்’ என்கிறார்கள் வீட்டில். வங்கியிலோ, ‘கடனுக்குக் கட்டும் வட்டியைவிட டெபாசிட் வட்டிதான் அதிகம், உடைக்காதீர்கள்’ என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். யார் சொல்வது சரி? மனைவியின் நகை 12 பவுனும் இருக்கிறது.

பதில்: கடன் வாங்குங்கள். ஆனால் வங்கியில் சொன்ன காரணத்துக்காக அல்ல, அந்தக் கணக்கு தப்பு. முதலில் அதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதே கணக்கை வீட்டுக் கடனுக்கும் கார் கடனுக்கும்கூடக் காட்டுகிறார்கள்.

5.30 லட்சம் ரூபாயை 11 சதவீதத்தில் ஐந்து வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 11,500 ரூபாய். ஐந்து வருடத்தில் கட்டும் மொத்த வட்டி 1.61 லட்சம். அதே 5.30 லட்சம் 6.5 சதவீத டெபாசிட்டில் கிடந்தால் ஐந்து வருடத்தில் வட்டி 2.02 லட்சம். ஆக, 40 ஆயிரம் உங்களுக்கு லாபம் என்பதுதான் அவர்கள் காட்டியது. எண்கள் சரிதான். ஆனால் அந்த 11,500 ரூபாய் மாதாமாதம் எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டார்கள். அது உங்கள் பட்டறை சம்பாதித்த பணம். கடனே இல்லையென்றால் அதே 11,500 ரூபாயை நீங்கள் மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டிருக்கலாம். 6.5 சதவீதத்தில் அது ஐந்து வருடத்தில் 8.13 லட்சம் ஆகியிருக்கும். டெபாசிட்டை உடைக்காமல் வைத்திருந்தால் கிடைப்பது 7.32 லட்சம். வித்தியாசம் 81 ஆயிரம் சொச்சம். கடன் வாங்குவதால் ஐந்தாம் வருடக் கடைசியில் நீங்கள் இழப்பது இவ்வளவுதான். மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,350 ரூபாய்.

அதனால் வீட்டில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, கடனுக்குச் செலவு உண்டு. இந்த 1,350 ரூபாய்க்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

மெஷின் வந்து இறங்கிய பிறகு நடப்பதைப் பாருங்கள். பவுண்டேஷன், ஏற்றி இறக்கும் கூலி, கரண்ட் லோடு கூட்டுவது எல்லாம் சேர்த்து 50 ஆயிரம் வைத்துக்கொள்வோம். டெபாசிட்டை உடைத்து 7.08 லட்சத்தையும் இதையும் கொடுத்தால் கையில் மிச்சம் 42 ஆயிரம். அடுத்து மாதச் செலவு. புது ஆளுக்குச் சம்பளம் 22 ஆயிரம்; கரண்ட், டூல், ஆட்டோ வாடகை என்று 14 ஆயிரம்; ஆக 36 ஆயிரம். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஓட ஆரம்பித்தால் அந்த மாத வேலைக்கு ஏப்ரல் கடைசியில் பில். அதிலிருந்து 75 நாள் என்றால் ஜூலை பாதியில்தான் முதல் பணம். அதுவரை மூன்றரை மாதத்துக்கு 1.26 லட்சம் நீங்கள் போட்டாக வேண்டும். 42 ஆயிரம் மே மாதத்தைக்கூடத் தாண்டாது.

பட்டறைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேலை இருக்கும், மெஷின் ஓடும், பில்லும் போயிருக்கும். சனிக்கிழமை கூலிக்குக் காசு இருக்காது. அப்போது வங்கிக்குப் போய், ‘போன மாதம் சொந்தப் பணத்தில் மெஷின் வாங்கினேன், அதன் பேரில் கடன் கொடுங்கள்’ என்றால் சுலபத்தில் நடக்காது. வாங்கப்போகும் மெஷினுக்குக் கொட்டேஷன் காட்டிக் கடன் வாங்குவது ஒரு வேலை, வாங்கி முடித்த மெஷினைக் காட்டிப் பணம் கேட்பது வேறு வேலை. கடைசியில் நகை அடகுக்குப் போகும், இல்லையென்றால் வாரத் தண்டல். 11 சதவீதம் வேண்டாம் என்று தொடங்கியவர், வட்டி எவ்வளவு என்றே தெரியாத கடனில் போய் நிற்பார்.

மெஷின் பத்து வருடம் உழைக்கிற பொருள். அதற்கு ஐந்து வருடத் தவணைப் பணம் பொருந்தும். கூலியும் கரண்டும் மூன்று மாதத்தில் திரும்பி வருகிற பணம். அதற்கு உங்கள் கைப் பணம்தான் வேண்டும், ஏனென்றால் அவசரத்துக்கு அதைத்தான் ஒரே நாளில் எடுக்க முடியும்.

ஆக, பிரிப்பது இப்படி. விலையில் கால் பங்கு, அதாவது 1.78 லட்சம் உங்கள் மார்ஜின். பவுண்டேஷன் வகையறாவுக்கு 50 ஆயிரம். மீதி 5.30 லட்சம் கடன். உங்களிடம் 5.72 லட்சம் நிற்கும். அதில் 2 லட்சத்தைப் புது மெஷின் ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள். மேலே சொன்ன 1.26 லட்சத்தோடு மூன்று தவணை சேர்ந்தால் 1.60 லட்சம், முதல் மாதம் வேலை பாதிதான் வரும் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதல். மீதி 3.72 லட்சம் வீட்டுக்கும் பழைய மெஷின்களுக்கும். அந்த 2 லட்சத்தையும் உடைக்க வேண்டியதில்லை, டெபாசிட்டின் பேரில் ஓவர்டிராஃப்ட் கேளுங்கள். பொதுவாக டெபாசிட் வட்டியைவிட ஒரு சதவீதம்போல அதிகம் இருக்கும். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. சம்பளத்துக்கு எடுத்து, பில் பணம் வந்ததும் திரும்பக் கட்டிவிடலாம்.

‘அந்த ஓவர்டிராஃப்டிலேயே மெஷினையும் வாங்கிவிடலாமே, வட்டி இன்னும் குறைவாச்சே’ என்று தோன்றும். வாங்கலாம்தான். ஆனால் டெபாசிட் முழுவதும் அதில் மாட்டிக்கொள்ளும். உடைத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வங்கியே இந்த வலையை விரிக்கலாம். கடன் கொடுக்கும்போது, ‘டெபாசிட்டை செக்யூரிட்டியாக லீன் போட்டுக்கொள்கிறோம், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்பார்கள். சம்மதிக்காதீர்கள். குறு, சிறு தொழில்களுக்கு இந்த அளவு கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முத்ரா திட்டத்தில் 5 முதல் 10 லட்சம் வரைக்கான தருண் பிரிவில் உங்கள் தொகை வருகிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். வாங்கும் மெஷின் மட்டும் வங்கியின் பேரில் ஹைபாதிகேஷனில், அதாவது கடனுக்கு ஈடாக இருக்கும், அது சரி. டெபாசிட்டும் கட்டுண்டுபோனால் மாதம் 1,350 ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கியது ஒன்றுமே இல்லை. ஒரு கிளையில் விடாப்பிடியாகக் கேட்டால், டெபாசிட் இல்லாத வேறு வங்கியில் மனு கொடுங்கள்.

சாங்ஷன் கடிதத்தில் இரண்டு வரி பாருங்கள். ஒன்று, தவணை எப்போது தொடங்குகிறது. மூன்று மாதமாவது அவகாசம் கேளுங்கள். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும், ஆனால் பில் பணம் வரத் தொடங்கிய பிறகு கட்டலாம். இன்னொன்று, வட்டி மாறும் வகையா, நிலையானதா. மாறும் வட்டியில் 2026 ஜனவரி 1 முதல் வங்கிகள் அனுமதிக்கும் இத்தகைய தொழில் கடன்களை முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. ஒரு வருடம் நன்றாக ஓடினால் கையில் மிஞ்சியதில் ஒரு லட்சத்தைப் போட்டு அசலைக் குறைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் 1.08 லட்சம் ரூபாய் விஷயம். இப்போது உங்கள் வருட வரவு 15 லட்சம். ஜாப் ஒர்க் சேவைக் கணக்கில் வருவதால் 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. புது வேலை சேர்ந்தால் 23 லட்சத்தைத் தாண்டும், பதிவு செய்தே ஆக வேண்டும். ‘தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று மெஷினை முதலில் வாங்கிவிட்டால், அதற்குக் கட்டிய 1.08 லட்சம் வரியைப் பிறகு நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழிக்க முடியாது. புதிதாகப் பதிவு செய்பவருக்குக் கையிருப்புச் சரக்கின் வரிதான் கிடைக்கும், மெஷினின் வரி கிடைக்காது. எனவே பதிவை முதலில் முடியுங்கள், அந்த எண்ணைப் போட்டு மெஷின் பில் வாங்குங்கள். அந்த 1.08 லட்சம் உடனே ரொக்கமாக வராது. பதிவுக்குப் பிறகு, கம்பெனி இன்னும் கொடுக்காத பில்லுக்கும் வரியை நீங்கள் முதலில் கட்ட வேண்டியிருக்கும். ஆரம்ப மாதங்களில் அந்தச் சுமையை இது தாங்கும். வருமான வரியில் தேய்மானம் போடும்போது இந்த வரித் தொகையை விலையில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் கழிவு போய்விடும். ஆடிட்டரிடம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்த 70 ஆயிரம் எவ்வளவு உறுதி? 70-க்கு 14 ஆயிரம் வேலையோடு சேர்ந்த செலவு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நூறு ரூபாய் பில்லில் 80 நிற்கும். அதிலிருந்து சம்பளம் 22 ஆயிரமும் தவணை 11,500-ம் போக வேண்டுமென்றால் மாதம் 42 ஆயிரத்துக்காவது பில் போட வேண்டும். அதற்குக் கீழே போனால் பழைய இரண்டு லேத்துகள் புதியதற்குச் சோறு போடும். இப்போது நீங்கள் திருப்பி அனுப்புகிற வேலையை இரண்டு மூன்று மாதம் எடுத்து, பெரிய லேத் இருக்கும் வேறு பட்டறையில் கொடுத்து வாங்குங்கள். லாபம் அதிகம் நிற்காது, பரவாயில்லை. மூன்று மாத பில்லைக் கூட்டிப் பார்த்தால் 70 ஆயிரமா, 40 ஆயிரமா என்று தெரிந்துவிடும். அந்த பில்கள் கடன் மனுவோடு வைக்கவும் உதவும். 42-ஐத் தொடவில்லையென்றாலும், வேலை முழுவதும் ஒரே கம்பெனியிலிருந்து வருகிறது என்றாலும், இந்த வருடம் மெஷின் வேண்டாம். கடனிலும் வேண்டாம், கைக்காசிலும் வேண்டாம்.

நகையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஜூன் மாதம் ஒரு கம்பெனி 75 நாளை 120 நாளாக்கி, ஓவர்டிராஃப்டும் தீர்ந்துபோனால் அப்போது ஒருமுறை தேவைப்படலாம். அதுவரை லாக்கரிலேயே இருக்கட்டும்.