ஸ்வெட்டருக்கு மேல் கோட்: 38-ஆ, 40-ஆ?

"மார்பளவு 38. எடின்பரோ குளிருக்குக் கம்பளிக் கோட் வாங்கணும். உள்ளே ஸ்வெட்டர் போடுவேன். 38 எடுக்கவா, 40 எடுக்கவா?"

அங்கே கோட்டில் போட்டிருக்கும் 38 உங்கள் உடம்பின் மார்பளவுதான், துணியின் சுற்றளவு இல்லை. உள்ளே சட்டையும் மெல்லிய ஸ்வெட்டரும் போட இடம் விட்டே பெரும்பாலும் தைப்பார்கள். அதனால் மெல்லிய ஸ்வெட்டர் என்றால் 38 போதும். தடித்த பின்னல் ஸ்வெட்டர் என்றால் அதைப் போட்டுக்கொண்டே மார்பை அளந்து பாருங்கள். 40-ஐ நெருங்கினால் 40-ஐயும் போட்டுப் பாருங்கள்.

முடிவு சொல்வது தோள் தையல். ஸ்வெட்டரோடு கோட்டைப் போட்டு, தோள் எலும்பின் முனையை விரலால் தொட்டுப் பாருங்கள். தையல் அங்கேயோ, அரை அங்குலம் வெளியேயோ இருந்தால் சரி. அதையும் தாண்டினால் தையலுக்குக் கீழே கையில் ஒரு பள்ளம் விழும். உள்ளே தள்ளியிருந்தால் கையை முன்னால் நீட்டும்போது முதுகுத் துணி இழுக்கும். தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை, செலவும் அதிகம். நானாக இருந்தால் தோள் சரியில்லாத கோட்டை எடுக்கவே மாட்டேன்.

கை நீளம் அவ்வளவு கவலை இல்லை. தடித்த ஸ்வெட்டர் போட்டதும் கோட்டின் கை கொஞ்சம் மேலேறும். பொத்தான் போட்டு, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: மணிக்கட்டு எலும்பை மூடி, கட்டைவிரலின் அடிவரை வரணும். நீளம் கூடினால் தையல்காரர் குறைத்துவிடுவார். குறைந்தால் உள்மடிப்பில் துணி இருக்கிறதா என்று பாருங்கள், ஓர் அங்குலம் இருந்தால் இறக்கலாம். அப்புறம், எல்லாப் பொத்தானும் போட்டு ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.