அண்ணாச்சிக்கு மூன்று கடிதங்கள்

"கப்பலூரில் சின்ன அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கிறேன். உத்யம் பதிவு உண்டு. விருதுநகர் மசாலா கம்பெனி ஒன்றுக்கு மார்ச் 5-ல் ரூ.1,86,000-க்குச் சரக்கு போட்டேன். ஆர்டரிலும் பில்லிலும் 30 நாள் கெடு. ஜூன் பிறந்தும் பணம் வரவில்லை. பழைய பார்ட்டி, முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். கடுமையாக எழுத மனசில்லை. எப்படிக் கேட்பது?"

மரியாதையை மூன்று கடிதத்திலும் மாற்றாதீர்கள். மாற வேண்டியது, ஒவ்வொன்றிலும் நீங்கள் சொல்லும் சங்கதி.

முதல் கடிதத்தில், மறந்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணாச்சிக்கு வணக்கம். மார்ச் 5-ல் பெற்றுக்கொண்ட சரக்குக்கான பில் தொகை ரூ.1,86,000, ஏப்ரல் 4-ல் வரவேண்டியது, எங்கள் கணக்கில் நிலுவையில் இருக்கிறது. ஜூன் 15-க்குள் அனுப்பி உதவுங்கள். கணக்குச் சரிதானா என்று கையெழுத்திட்டு ஒரு வரி எழுதித் தந்தால் நல்லது." பார்க்க அப்பிராணியாகத் தெரியும் அந்தக் கடைசி வரிதான் முக்கியம். பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டால், வழக்குப் போடும் மூன்று வருஷக் காலக்கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். பெட்டி நமத்துப்போயிருந்தது என்று பிறகு சொல்லவும் அவருக்குச் சங்கடம். "முடிந்தபோது அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்களே தவணை கொடுத்ததாக அதைக் காட்டுவார்கள்.

தேதி தாண்டினால் இரண்டாவது கடிதம். இதில் ஊகம் வேண்டாம், சட்டத்தைச் சொல்லுங்கள்: "ஜூன் 2-ல் எழுதியதற்குப் பதில் இல்லை. எங்களுடையது உத்யம் பதிவுள்ள சிறுதொழில். கெடு தாண்டிய நாளிலிருந்து, 2006-ம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி வட்டி கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஜூன் 30-க்குள் அசலைத் தீர்த்துவிட்டால் வட்டி கேட்க மாட்டோம்." ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அவருடைய ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும். காலத்தில் கொடுக்காத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட வருமான வரித்துறை விடாது என்பதையும் அவரே முதலாளியிடம் சொல்லிவிடுவார். உற்பத்தியாளரான உங்களுக்கு இது பொருந்தும். வாங்கி விற்கும் வியாபாரி இந்த வரியை எழுத முடியாது.

மூன்றாவது சின்னதாக இருக்கட்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "ஜூலை 10-க்குள் தொகை வராவிட்டால், வட்டியோடு சேர்த்து, எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி பாக்கி விவகாரங்களை விசாரிக்கும் குறு, சிறு தொழில் வசதியாக்கக் கவுன்சிலில் மனு செய்வோம். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்." இதை எழுதினால் செய்ய வேண்டும். பதினொன்றாம் தேதி நான்காவது கடிதம் போனால் மூன்றும் வீண். வாங்கியவர் எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் பக்கத்துக் கவுன்சிலிலேயே மனு போடலாம். போலீஸ் என்ற சொல் எந்தக் கடிதத்திலும் வேண்டாம். இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், மிரட்டல் என்று உங்கள் மேலேயே திரும்பும்.

நடுவில் அவர் ஐம்பதாயிரம் போட்டுவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே எழுதிவிடுங்கள்: "ரூ.50,000 வரவு வைத்தோம், நன்றி. பாக்கி அசல் ரூ.1,36,000. கெடு தேதி மாறவில்லை."