தூக்கம் கெட்டது யாருக்கு?

கேள்வி: மேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரையில் ‘உங்களுடைய ஆகப் பெரிய பலவீனம் எது?’ என்று 250 சொற்களுக்குள் எழுதச் சொல்கிறார்கள். ‘எதையும் முழுமையாகச் செய்யாமல் என்னால் விட முடியாது, அதனால் தூக்கம் கெடுகிறது’ என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் என் தம்பி படித்துவிட்டு, ‘இது பலவீனமா, விளம்பரமா?’ என்கிறான். உண்மையையும் எழுத வேண்டும், இடமும் கிடைக்க வேண்டும். என்ன செய்வது?
– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: உங்கள் தம்பி நல்ல வாசகர். அவரிடம் பிறகு வருகிறேன்.

‘முழுமை’ என்ற சொல்லை என் கண்ணில் காட்டிவிட்டீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், ‘மை’யில் முடியும் சொற்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. முழுமை, பொறுமையின்மை, காலந்தாழ்த்தும் தன்மை என்று வந்தாலே என் பேனா அடிக்கோடு போட்டுவிடும். ‘தாமதமாகக் கொடுத்தேன்’ என்று ஒருவர் எழுதினால், எதை, யாரிடம், எத்தனை நாள் தாமதமாக என்று கேட்கத் தோன்றும். ‘காலந்தாழ்த்தும் தன்மை என்னிடம் உண்டு’ என்று எழுதினால் அந்தக் கேள்விகள் ஒன்றுகூட எழாது. ஏதோ பிறவி மச்சம் போல அது அவர் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்கு இடும் மை எனக்குப் பிடிக்கும், பேனாவில் ஊற்றும் மை இல்லாமல் எனக்குப் பிழைப்பே இல்லை. சொல்லின் வாலில் ஒட்டி, நடந்ததை மூடும் இந்த மையோடுதான் தகராறு. ‘மை இல்லாமல் தத்துவம் எழுத முடியாது’ என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மூன்று கடிதங்கள் எழுதி என்னைக் கடிந்துகொண்டிருக்கிறார். தத்துவத்துக்கு அவர் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எழுதுவது தத்துவம் அல்லவே. அங்கே உங்களிடம் கேட்கப்படுவது ஒரு வினைச்சொல். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கல்வி உதவித்தொகை ஒன்றுக்கான தேர்வுக் குழுவில் சில ஆண்டுகள் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள். அளவுக்கு மீறி உழைக்கிறேன். யார் உதவி கேட்டாலும் மறுக்கத் தெரியவில்லை. எடுத்த காரியத்தை விடமாட்டேன். நம் அணி இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஒன்று படித்திருப்பீர்கள். பழிப்பது போலப் புகழ்வதும், புகழ்வது போலப் பழிப்பதும் அதில் அடங்கும். கவிஞர்கள் அதைப் பிறர் மேல் பாடினார்கள். விண்ணப்பக் கட்டுரையில் ஆள் தன் மேல் தானே பாடிக்கொள்கிறார். படிப்பவருக்கு அது தெரியாமல் போவதில்லை.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஓவுல் செசர், ஃபிரான்செஸ்கா ஜினோ, மைக்கேல் நார்ட்டன் ஆகிய மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இதே ‘பெரிய பலவீனம்’ கேள்வியை மாணவர்களிடம் கொடுத்தபோது பெரும்பாலோர் பணிவு வேடமிட்ட பெருமையைத்தான் எழுதினார்கள். உள்ளதைச் சொன்னவர்களைத்தான் வேலைக்கு எடுக்கலாம் என்று மதிப்பிட்டவர்கள் அதிகம் விரும்பினார்கள். அந்த ஆய்வில் என்னை நிறுத்திவைத்தது வேறொரு முடிவு. நேராகத் தற்பெருமை பேசுபவரைவிட, பணிவு வேடத்தில் பெருமை பேசுபவரைப் பிறர் குறைவாக மதிக்கிறார்கள். பெருமையை மன்னிக்கிறார்கள், வேடத்தை மன்னிப்பதில்லை. ஆகவே ‘இடமும் கிடைக்க வேண்டும்’ என்று நீங்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை. உண்மையும் இடமும் இங்கே எதிரெதிர்ப் பக்கம் நிற்கவில்லை.

அப்படியானால் வேடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இழப்பு யாருக்கு? உங்கள் வாக்கியத்தில் கெட்டது உங்கள் தூக்கம். அளவுக்கு மீறி உழைப்பவருக்கு உடம்பு கெடுகிறது. மறுக்கத் தெரியாதவருக்கு நேரம் போகிறது. எல்லாவற்றிலும் எழுதியவரே தியாகி, எழுதியவருக்கே நஷ்டம். உண்மையான பலவீனத்துக்கு இன்னொருவரும் விலை கொடுத்திருப்பார். அந்த இன்னொருவர் கட்டுரைக்குள் வராதவரை, எவ்வளவு கண்ணீர் வடித்தாலும் அது பெருமைதான்.

உங்களைப் போலவே ஒரு மாணவி சில ஆண்டுகளுக்கு முன் வரைவோடு என்னிடம் வந்தார். முதல் வரி: ‘நான் எதிலும் முழுமையை நாடுபவள்.’

“இதனால் யாருக்குக் கஷ்டம்?” என்று கேட்டேன்.

“எனக்குத்தான் சார். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன்.”

“உன்னோடு வேலை செய்தவர்களுக்கு?”

நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். நான்கு பேர் சேர்ந்து செய்த கள ஆய்வு. அறிக்கையைத் தொகுப்பது இவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். முடிவுரையை ஒரு தோழி எழுதி, புதன்கிழமையே கொடுத்துவிட்டாள். இவருக்கு அது பிடிக்கவில்லை. வியாழன் இரவு முழுவதும் உட்கார்ந்து அதை மாற்றி எழுதினார், தோழியிடம் சொல்லவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒப்படைத்தார். அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வில், முடிவுரையில் இருந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் கேட்டார்கள். தோழியின் பெயரில் இருந்த பகுதி அது. அவள் அந்த வாக்கியத்தைப் பார்த்ததே இல்லை. தாளைப் புரட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு மதிப்பெண் குறைந்தது.

இதைச் சொல்லும்போது அந்த மாணவியின் குரல் இறங்கிவிட்டது. ‘இதைத்தான் எழுத வேண்டும்’ என்றேன். ‘இதை எழுதினால் இடம் கிடைக்குமா?’ என்று உங்களைப் போலவேதான் கேட்டார். ‘முழுமையை நாடுபவள்’ போய், அந்த இடத்தில் இந்த வரி வந்தது: ‘மற்றவர் செய்த வேலையை நம்பாமல், அவர்களிடம் சொல்லாமலேயே மாற்றிவிடுகிறேன்.’ ஒரு ‘மை’கூட இல்லை என்பதைப் பேராசிரியர் கவனிக்க வேண்டும். முன்பு மச்சமாக இருந்தது இப்போது செயலாகிவிட்டது. செயலென்றால் மாற்ற முடியும். மாற்ற முயன்றாரா என்பதுதான் படிப்பவர் அடுத்ததாகத் தேடுவது.

அவர் முயன்றிருந்தார். பிறர் எழுதியதில் கை வைக்காமல், ஓரத்தில் குறிப்பாக எழுதி அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய நாள் மாலைக்குப் பிறகு யாரும், தான் உட்பட, எதையும் திருத்தக் கூடாது என்று குழுவில் பேசி வைத்தார். ‘இனி மிகவும் கவனமாக இருப்பேன்’ என்பது இதற்கு ஈடாகாது. கவனமாக இருந்தாரா என்பதை யாரும் சரிபார்க்க முடியாது, ஓரக் குறிப்பைப் பார்க்கலாம்.

வரைவின் கடைசி வரிதான் எங்களை அரை மணி நேரம் பிடித்துவைத்தது. ‘இந்த அனுபவம் என்னைச் சிறந்த தலைவியாக்கியது’ என்று முடித்திருந்தார். முன்வாசலில் துரத்திய பெருமை கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. பத்துக் கட்டுரைகளில் ஒன்றாவது நன்றாகத் தொடங்கி இந்த இடத்தில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். பலவீனம் தீர்ந்துவிட்டதென்றால் அதை ஏன் இன்று பலவீனமென்று எழுதுகிறீர்கள்? மிச்சம் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் அவர் எழுதிய பகுதி என்னிடம் இருக்கிறது, அவர் அனுமதியோடு தருகிறேன்:

‘அவள் தாளைப் புரட்டிக்கொண்டு நின்றபோது, அந்த வாக்கியம் என்னுடையது என்று நான் சொல்லவில்லை. அன்று மாலை அவளிடம் சொன்னேன். இப்போது பிறர் பகுதியில் ஓரக் குறிப்பு மட்டும் எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு அறிக்கையில் மறுபடி இரண்டு வரிகளை மாற்றிவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் எழுதியவரிடம் தெரிவித்தேன். ஒரு வரியைப் பழையபடி வைக்கச் சொன்னார், வைத்தேன்.’

பழைய வரியை வைத்தார் என்ற இடத்தில்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. ‘நான் மாறிவிட்டேன்’ என்று அவர் எங்கும் எழுதவில்லை.

உங்கள் 250 சொற்களில் செயலைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். பாதிக்குச் சற்றுக் குறைவாக அந்த ஒரு நிகழ்ச்சிக்குக் கொடுங்கள். மாற்றத்துக்கு ஏறத்தாழ அதே அளவு. மிச்சம் இருப்பதற்கு இரண்டு மூன்று வரிகள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். சுயவசை பாடுபவர் ‘இல்லையில்லை, நீங்கள் நல்லவர்’ என்று படிப்பவர் சொல்வதற்காகக் காத்திருக்கிறார். அதுவும் அதே வேடம்தான்.

உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டவும் கூடாது. கேட்பது பலவீனம், பாவமன்னிப்பு அல்ல. நோயையும் குடும்பத் துயரத்தையும் பலவீனத்தின் கணக்கில் எழுதாதீர்கள், அவை உங்கள் செயல்கள் அல்ல. நீங்கள் சேர விரும்பும் படிப்புக்கு உயிர்நாடியான ஒன்றில், இன்னும் சரிசெய்யத் தொடங்காத குறை இருந்தால், அதை இந்த இடத்தில் வைப்பது விவேகம் இல்லை. கணக்கியல் படிக்கப் போகிறவர் ‘கூட்டல் தவறுகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை’ என்று எழுதினால் குழு வேறென்ன செய்யும்? அதற்காக ‘எனக்குப் பாட வராது’ என்று பக்கத்துத் தெருவுக்குப் போய்விடவும் வேண்டாம். யாருக்கும் விலை வைக்காத குறையைச் சொல்வது, கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதுதான்.

பிரான்ஸில் தொடங்கிய இன்சியாட் வணிகப் பள்ளி தன் விண்ணப்பத்தில் கேட்டுவந்த ஒரு கட்டுரை உண்டு. உங்கள் வலிமைகளையும் பலவீனங்களையும் ஒளிவுமறைவின்றி, தேவையான இடத்தில் எடுத்துக்காட்டோடு, ஏறத்தாழ 500 சொற்களில் எழுதச் சொல்வார்கள். எடுத்துக்காட்டு என்ற அந்தச் சொல்லில் என் வழக்கு முழுவதும் இருக்கிறது. ‘மை’க்கு எடுத்துக்காட்டு சொல்ல முடியாது, செய்ததற்குத்தான் சொல்ல முடியும்.

இனி உங்கள் தம்பி. அவரை உட்காரவைத்து, ‘என் பலவீனம் என்ன?’ என்று கேட்காதீர்கள். அவரும் ஒரு ‘மை’யைத்தான் கொடுப்பார். ‘என்னால் உனக்கு எந்த வேலை கெட்டது, எப்போது?’ என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும் உங்களுக்கு மறுக்கத் தோன்றும், காரணம் சொல்லத் தோன்றும். வாயைத் திறக்காமல், அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் உங்கள் பேனா நிற்கிறதோ, கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள்.