கைக்குழந்தையும் இரண்டு விமானங்களும்

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து வளைகுடா வழியாக லண்டன் போகிறோம். நானும் அவனும் மட்டும்தான். கணவர் அங்கே இருக்கிறார். தொட்டில் சீட் கிடைக்குமா, ப்ராமைக் கடைசி வரை தள்ளிக்கொண்டு போகலாமா, பால் பவுடரும் கூழும் எப்படி எடுத்துப்போவது, என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது. — வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஏறப்போவது ஒரு விமானம் அல்ல, இரண்டு. முதல் விமானத்தில் உள்ள வசதி இரண்டாவதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எதைக் கேட்டாலும் "சென்னையிலிருந்து போகும் விமானத்தில் எப்படி, லண்டன் விமானத்தில் எப்படி" என்று பிரித்துக் கேளுங்கள்.

தொட்டிலிலிருந்து தொடங்குவோம். பாஸினெட் என்கிற அந்தத் தொட்டிலை, சீட் வரிசைக்கு எதிரே தடுப்புச் சுவர் உள்ள இடத்தில் மட்டும்தான் மாட்ட முடியும். நடுவில் ஒரே நடைபாதை உள்ள சிறிய விமானங்களில் எகானமி வகுப்பில் பெரும்பாலும் தொட்டில் இருக்காது. வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் அந்த ரகமும் உண்டு. டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ரகம் போட்டிருக்கும். A320, 737 என்று இருந்தால் அந்தப் பகுதியை மடியிலேயே சமாளிக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 777, A350, 787 போன்ற பெரிய விமானமாக இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் குழந்தையின் பெயர் உங்கள் டிக்கெட்டின் அதே PNR-இல் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு விமான நிறுவனத்துக்கே போன் செய்யுங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும் நீங்களே பேசுவது நல்லது. "தொட்டிலுக்கு ரிக்வெஸ்ட் போட்டாச்சு" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். கணினியில் அந்தக் கோரிக்கை BSCT என்று பதிவாகும். பக்கத்தில் HK என்று இருந்தால் உறுதி. NN, PN என்று இருந்தால் இன்னும் பதில் வரவில்லை. UC என்றால் இல்லை. "ரெண்டு ஃபிளைட்டுக்கும் HK வந்திருக்கா?" என்று கேட்டால் மழுப்பாத பதில் கிடைக்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி ஒருமுறை கேளுங்கள். விமான ரகத்தை மாற்றினால் சீட் வரிசையும் மாறும், உங்கள் தொட்டிலும் அதோடு போய்விடும்.

எடை வரம்பை எல்லோரும் விசாரிப்பார்கள், நீளத்தை மறந்துவிடுவார்கள். எடை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக 10 முதல் 14 கிலோ வரை இருக்கும். ஏழு மாதக் குழந்தைக்கு அது பிரச்சினை ஆகாது. தொட்டிலின் நீளமோ 70, 75 செ.மீ. அளவில்தான் இருக்கும். உங்கள் மகனைப் படுக்கவைத்து உச்சந்தலை முதல் குதிகால் வரை அளந்து பாருங்கள். 70-ஐ நெருங்கிவிட்டால் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். தானாக எழுந்து உட்காருகிற, எதையாவது பிடித்து எழ முயல்கிற குழந்தையைத் தொட்டிலில் விட வேண்டாம் என்று பணியாளர்கள் சொல்வதும் உண்டு.

தொட்டில் கிடைத்தாலும் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தை உங்கள் மடியில்தான் இருக்க வேண்டும். உங்கள் பெல்ட்டோடு கோத்துக்கொள்ள ஒரு சின்ன பெல்ட் தருவார்கள். நடுவில் விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தாலும், தூங்கும் பிள்ளையை எடுத்து மடியில் வைக்கச் சொல்வது வழக்கம். அந்த வரிசையில் முன்சீட் கிடையாது. எனவே ஏறும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க முடியாது, எல்லாம் மேல் தட்டுக்குப் போய்விடும். இரண்டு டயபர், ஈரத் துடைப்பான், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு பால் பாட்டில், பாஸ்போர்ட் ஆகியவற்றைத் தனியாக ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராமை விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போக அநேக நிறுவனங்கள் விடுகின்றன. ஆனால் அதற்கு செக்-இன் கவுண்டரிலேயே டேக் ஒட்டியிருக்க வேண்டும். அந்த டேக்கில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். LHR என்று இருந்தால் ப்ராம் லண்டன் ஹீத்ரோவில்தான் கைக்கு வரும். நடுவில் விமானம் மாறும் இடத்தில் கிடைக்காது. அங்கே மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால், "டிரான்சிட்டில் வாசலிலேயே தர முடியுமா" என்று கவுண்டரில் கேளுங்கள். முடியாது என்றால் அந்த விமான நிலையத்தில் இரவலாக ப்ராம் தருகிறார்களா என்று விசாரியுங்கள். பெரிய நிலையங்கள் சிலவற்றில் உண்டு. எதற்கும் மார்போடு கட்டிக்கொள்ளும் துணி கேரியர் ஒன்று கையில் இருக்கட்டும். விமானத்துக்குப் பேருந்தில் கூட்டிப் போனால் ப்ராமைப் படிக்கட்டுக்கு அடியில் கொடுத்துவிட்டு, குழந்தையோடும் பையோடும் ஏற வேண்டியிருக்கும். அப்போது இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் முடியும்.

பாதுகாப்புச் சோதனையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ப்ராமை மடித்து எக்ஸ்ரே பெல்ட்டில் வைக்கச் சொல்வார்கள். ஒரு கையால் மடிக்க வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். படுக்கைப் பகுதி தனியாகக் கழன்று வரும் பெரிய ப்ராம் என்றால் அதை இரண்டு சாமானாக எண்ணிவிடலாம். இந்தப் பயணத்துக்குக் குடை போல மடியும் சின்னதே போதும். கொடுக்கும் முன் கப் தாங்கி, தொங்கும் பை, பொம்மை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மடித்த நிலையில் ஒரு போட்டோ எடுங்கள். உடைவது பெரும்பாலும் சக்கரமும் நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களும்தான். உடைந்து வந்தால் சாமான் எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே உள்ள கவுண்டரில் PIR என்கிற புகார்ப் படிவம் எழுதி வாங்குங்கள். எழுத்து மூலமான புகாரை 7 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இழப்பீடு கேட்க வழியில்லை.

அடுத்து பால். தஞ்சாவூரில் கிளம்பி லண்டன் வீடு சேர ஒரு நாளுக்கும் மேல் ஆகும். மூன்றரை மணிக்கு ஒரு வேளை என்றால் எட்டு வேளை. விமானம் தாமதமானால் என்று மூன்று வேளை கூட்டி, பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 210 மி.லி., 30 மி.லி.க்கு ஒரு கரண்டி என்றால் 77 கரண்டி பவுடர். ஒரு 400 கிராம் டப்பாவே தாங்கும். ஒவ்வொரு வேளைக்கும் ஏழு கரண்டியைத் தனித்தனி அறைகள் கொண்ட டப்பாவில் அளந்து போட்டுக்கொள்ளுங்கள். குலுங்கும் விமானத்தில் கரண்டியை எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விமானத்தில் வெந்நீர் கேட்டால் தருவார்கள். ஆனால் குலுங்கும் நேரத்தில் சூடான எதையும் கொண்டுவர மாட்டார்கள், அதனால் அரை லிட்டர் ஃபிளாஸ்க் ஒன்றில் கொதித்த நீர் கைவசம் இருக்கட்டும். குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் கொதித்த நீருக்கும் 100 மி.லி. வரம்பு கிடையாது, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம். எல்லாவற்றையும் ஒரே பையில் மேலாக வைத்து, கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுங்கள். விமானம் மாறும் இடத்தில் மறுபடியும் சோதனை இருக்கும். அங்கும் இப்படியே செய்யுங்கள்.

வெந்நீரில் கலந்த பாலை உடனே கொடுக்க முடியாது. ஒரு கோப்பையில் ஐஸும் தண்ணீரும் வாங்கி, பாட்டிலைக் கழுத்து வரை அமிழ்த்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் போய்விடும். ஆகவே அவன் அழுத பிறகு ஆரம்பிக்காதீர்கள். கையைச் சப்பத் தொடங்கும்போதே ஆரம்பியுங்கள். கலந்து இரண்டு மணி நேரம் ஆன பாலையும் குடித்து மீந்த பாலையும் கொட்டிவிட வேண்டும். தரையில் மூடிய பாட்டிலை உயரே போனபின் திறந்தால் பால் பீய்ச்சியடிக்கும். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டதால் உள்ளிருக்கும் காற்று தள்ளுகிறது. ஒரு துணியைச் சுற்றி மெதுவாகத் திறங்கள்.

இறங்குவதற்குச் சுமார் அரை மணி முன்பு விமானம் தாழத் தொடங்கும். காது அடைத்து வலிப்பது பெரும்பாலும் அப்போதுதான். ஒரு வேளைப் பாலை அந்த நேரத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள்; விழுங்க விழுங்க அடைப்பு விடும்.

கூழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் அரைத்த கேழ்வரகு மாவையும் சத்துமாவையும் அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டும். விமான வெந்நீரில் கரைத்தால் பாதி பச்சையாகவே இருக்கும், வயிறு கெடும். பயணத்துக்கு வறுத்துப் பொடித்த அவல் நல்லது. அவல் ஏற்கெனவே வெந்த அரிசி என்பதால் வெந்நீரில் ஊறினாலே குழைந்துவிடும். இல்லையென்றால் வாழைப்பழம் மசித்துக் கொடுங்கள். பயணத்தன்று புதிதாக எதையும் ருசி காட்ட வேண்டாம்.

பாட்டி ஆசையாகக் கொடுத்துவிடும் நெய் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் பால் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் அதில் அடக்கம். குழந்தைப் பால் பவுடருக்கும் குழந்தை உணவுக்கும் மட்டும் ஆளுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. அதுவும் கம்பெனி பாக்கெட்டாக, குளிர்பதனம் தேவைப்படாததாக, பிரிக்காததாக இருக்க வேண்டும். பிரித்திருந்தால் இப்போது பயன்படுத்திக்கொண்டிருப்பதாக இருக்க வேண்டும். ஆகவே அளந்து போட்ட பவுடரோடு அதன் மூல டப்பாவும் உடன் வரட்டும்.

காகிதங்களில் குழந்தைக்குச் சொந்தப் பாஸ்போர்ட், சொந்த விசா, சொந்த டிக்கெட் மூன்றும் வேண்டும். மடியில் உட்காரும் பிள்ளைக்கும் டிக்கெட் உண்டு. விசா ஸ்டிக்கராக இல்லாமல் eVisa-வாக இருந்தால் பிரிட்டன் விசாத் துறையான UKVI-இன் இணையதளத்தில் அவன் பெயரிலும் தனிக் கணக்கு இருக்க வேண்டும். அதில் இப்போதைய பாஸ்போர்ட் எண் ஏறியிருக்கிறதா பாருங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் பெயருக்குப் பின்னால் உங்கள் அப்பா பெயர், மகன் பெயருக்குப் பின்னால் உங்கள் கணவர் பெயர். இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு, இவர்கள் தாயும் பிள்ளையும்தான் என்று எதைக் கொண்டு தெரியும்? அதற்குத்தான் பிறப்புச் சான்றிதழின் அசல், திருமணச் சான்றிதழின் நகல், கணவரின் சம்மதக் கடிதம் மூன்றும். கடிதத்தில் மூவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், பயணத் தேதி, விமான எண், லண்டன் முகவரி, அவருடைய போன் எண் இருக்கட்டும். அவர் கையெழுத்திட்டு, தன் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்பட்டும்.

பிறப்புச் சான்றிதழை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிறந்த கையோடு பதிந்து வாங்கியதில் குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடம் பல சமயம் காலியாகவே இருக்கும். அப்படியென்றால் பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் என்றால் அதற்குக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில் பெயர் ஏறுகிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.