கடுகெண்ணெய்ப் போத்தலில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பது ஏன்?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகள் கடுகெண்ணெய் அனுப்பியிருக்கிறா. போத்தலில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறது. இதில் அச்சாறு போடலாமா? என் முழங்காலுக்கும் மூன்று மாதப் பேரனுக்கும் தேய்க்கலாமா? கலப்படத்தை வீட்டில் எப்படி அறிவது, டொக்டர்?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: அந்த எச்சரிக்கைக்குக் காரணம் எரூசிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம். வழமையான கடுகெண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுவாகவே இருக்கும். அதை அதிகமாக உண்ட எலிகளின் இதயத் தசையில் கொழுப்புத் துளிகள் படிந்தது ஆய்வுகளில் தெரியவந்ததால், ஐரோப்பிய நாடுகள் உணவு எண்ணெய்களில் அதன் அளவுக்கு மிகக் குறைந்த உச்சவரம்பை விதித்தன. அந்த வரம்புக்குள் அடங்காத கடுகெண்ணெயை விற்பவர்கள் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று அச்சிட்டு விற்கிறார்கள்.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. எலியின் இதயம் இந்த அமிலத்தை எரித்துத் தீர்ப்பதில் மிக மந்தமானது. உணவை மாற்றியதும் அந்தக் கொழுப்பும் கரைந்து விடுகிறது. வங்காளத்திலும் வட இந்தியாவிலும் தலைமுறை தலைமுறையாக இதிலேயே சமைத்து உண்பவர்களிடம் இந்த அமிலத்தால் இதய நோய் வந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016இல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் வரை என்று ஒரு பாதுகாப்பான அளவை வகுத்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 420 மில்லிகிராம் ஆகும். ஒரு தேக்கரண்டி கடுகெண்ணெயிலோ ஏறத்தாழ 2 கிராம், அதாவது அந்த அளவைப்போல் ஐந்து மடங்கு இருக்கிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவை நூறால் வகுத்தே இந்த எல்லையை வைத்தார்கள். வாழ்நாள் முழுவதும் தினமும் உண்பதை எண்ணி வகுத்த எல்லை அது.

ஆகவே, உணவுக்கென்று விற்கப்படும் கடுகெண்ணெயில் போட்ட அச்சாற்றை வளர்ந்தவர்கள் இடைக்கிடை தொட்டுக்கொள்வதில் நான் குறை காணமாட்டேன். நல்லெண்ணெய்க்குப் பதிலாக அன்றாடச் சமையலுக்கு அதை வைத்துக்கொள்வதையும், சிறுபிள்ளைகளுக்குக் கொடுப்பதையும் தவிர்க்கவும். தாச்சியில் புகை வரும்வரை காய்ச்சினால் நெடி குறையுமே தவிர, எரூசிக் அமிலம் போகாது. உங்களிடம் உள்ள போத்தலைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். உண்பதற்கென்று விற்கப்படாத எண்ணெய் உணவுக்குரிய தரத்தோடு தயாரிக்கப்பட்டதா என்பதை நாம் அறிய வழியில்லை.

முழங்காலுக்குத் தேய்க்கலாம். கடுகின் காரம் தோலில் ஏற்படுத்தும் சூடும், கை தேய்க்கும் அழுத்தமும் சற்றுநேரம் வலியை மறக்கச் செய்யும். மூட்டுத் தேய்வு அதனால் மாறாது. முதலில் முன்கையில் சிறிதளவு பூசி ஒரு நாள் பார்த்துவிட்டு, சிவப்போ கடியோ இல்லாவிட்டால் மட்டும் பயன்படுத்துங்கள். பேரனுக்கு வேண்டாம். குழந்தையின் தோல் மெல்லியது. அதன் பாதுகாப்பு அடுக்கைக் கடுகெண்ணெய் பலவீனப்படுத்தக்கூடும் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. எண்ணெய் பூசத்தான் வேண்டுமென்றால், வாசனை சேர்க்காத தேங்காயெண்ணெய் போதும்.

கலப்படத்தை அறிய, ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வையுங்கள். கடுகெண்ணெய் அந்தக் குளிரில் உறையாது. வெண்மையாகக் கலங்கினாலோ அடியில் கட்டிபட்டாலோ பாமாயில் கலந்திருக்கலாம். ஆனால் சோயா, சூரியகாந்தி எண்ணெய்களும் அந்தக் குளிரில் உறையாதவை என்பதால், தெளிவாக இருப்பதை வைத்துச் சுத்தமானது என்று முடிவு செய்ய முடியாது. மூக்கைத் துளைக்கும் நெடியையும் நம்ப வேண்டாம். அதைச் செயற்கையாகச் சேர்க்க முடியும்.

உண்மையில் ஆபத்தான கலப்படம் பிரமதண்டு விதையின் எண்ணெய். 1998இல் டெல்லியில் இது கலந்த கடுகெண்ணெயை உண்டு 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செக்கில் ஆட்டுவதற்குக் கடுகு வாங்குவோர் விதையையே பார்க்கலாம்: கடுகு வழவழப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள், பிரமதண்டு விதை சொரசொரப்பான கறுப்பு, உள்ளே வெள்ளை. எண்ணெயாகிவிட்டால் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. செறிந்த நைத்திரிக் அமிலத்தோடு குலுக்கினால் அமிலப் படை செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும், ஆனால் அது ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டிய சோதனை. அந்த அமிலம் கையையும் கண்ணையும் எரித்துவிடும். ஐயம் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

ஒரே எண்ணெயை உண்ட வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு இரு கால்களும் வீங்கி, வயிற்றோட்டமோ மூச்சுத்திணறலோ வந்தால், அந்த எண்ணெயை உடனே நிறுத்திவிட்டு, போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.