இறைமைச் சமத்துவம்: கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது?

கல்லடி, உயர்தர மாணவி: ரீச்சர், "வலிமை சமமில்லாத உலகில் நாடுகளின் இறைமைச் சமத்துவத்துக்கு இன்னும் பெறுமதி உண்டா?" என்று கட்டுரை தந்திருக்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?

மகள், ஐ.நா. சாசனத்தின் 2ஆம் உறுப்புரையிலிருந்து தொடங்குங்கள். உறுப்பு நாடுகளின் இறைமைச் சமத்துவமே சபையின் அடிப்படை என்று அது சொல்கிறது. படையும் பணமும் சமம் என்று அங்கு எவரும் எழுதவில்லை. சட்டத்தின் முன் நிற்கும் நிலைதான் சமம். இதை முதற் பந்தியிலேயே பிரித்துக் காட்டிவிட்டு உங்கள் வாதத்தை வையுங்கள்.

நான் எழுதினால் இப்படி வைப்பேன்: நாடுகள் சமம் என்பதால், ஒரு நாட்டை அதன் சம்மதமில்லாமல் சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. அது சின்ன நாட்டைக் காக்கிறது, பெரிய நாடு நழுவவும் வழி விடுகிறது. அடுத்த பந்தியில் பாதுகாப்புச் சபையை வைத்து எதிர்வாதம். அப்புறம் ஒரே ஒரு வழக்கு, விரிவாக. கட்டுரையின் பாதியை அதற்கே கொடுங்கள். ஐந்து வழக்குகளின் பெயரை வரிசையாக எழுதிய விடைத்தாள்களில்தான் வாதம் காணாமல் போகிறது.

சாய்ந்தமருது, இளைஞர்: பொதுச்சபையில் இந்தியாவுக்கும் ஒரு வாக்கு, மாலைதீவுக்கும் ஒரு வாக்கு. சமத்துவம் இருக்கிறது என்று எழுதினால் போதாதா?

பாதி சரி, தம்பி. ஆனால் பொதுச்சபைத் தீர்மானங்கள் பெரும்பாலும் பரிந்துரைகளே. நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவு பாதுகாப்புச் சபையில் பிறக்கிறது, அங்கே ஐந்து நாடுகளுக்கு வீட்டோ உண்டு.

நம் நாட்டின் கதையையே எழுதலாம். 1948இல் இலங்கை ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தது. பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்த நாடு முழுச் சுதந்திரம் பெற்றதா என்று கேட்டு, சோவியத் ஒன்றியம் வீட்டோவால் தடுத்தது. 1955 டிசம்பரில் பதினாறு நாடுகளை ஒன்றாகச் சேர்க்கும் பேரம் முடிந்தபோது இலங்கையும் உள்ளே போனது. அன்றைக்கும் பிரித்தானியக் கடற்படை பக்கத்துத் திருகோணமலையில்தான் இருந்தது. தளம் கைமாறியது 1957இல். ஆட்சேபணைக்குச் சொன்ன காரணம் அப்படியே இருக்க, ஆட்சேபணை மட்டும் போய்விட்டது. எதிர்வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஓட்டமாவடி, விவசாயி: எங்கட வயல் காணி வழக்கு வருசக் கணக்காக இழுபடுது. காசு உள்ளவன் பக்கம்தான் எல்லாம். இதையும் பிள்ளைகள் எழுதலாமா?

காக்கா, கேள்வி நாடுகளைப் பற்றியது, ஆட்களைப் பற்றியது அல்ல. ஆனால் உங்கள் வழக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும். உங்கள் எதிராளி எவ்வளவு இழுத்தடித்தாலும், "இந்த நீதிமன்றத்தை நான் ஏற்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒரு நாட்டால் அது முடியும்.

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவன்: விரிவாக எழுத நிக்கரகுவா வழக்குத்தானே நல்லது? 1986இல் சர்வதேச நீதிமன்றத்தில் அமெரிக்காவுக்கு எதிராக வென்றும் நிக்கரகுவாவுக்குப் பயன் கிடைக்கவில்லை, அமெரிக்கா பாதுகாப்புச் சபையில் வீட்டோ போட்டது.

அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஆனால் அது கதையின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். கிழக்குத் திமோரை எடுங்கள், இரண்டு பக்கமும் தெரியும்.

திமோர் 2002 மே 20இல் சுதந்திரமானது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, கடல் எல்லைத் தகராறுகளில் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதிலிருந்து அவுஸ்திரேலியா விலகிக்கொண்டது. எண்ணெயும் எரிவாயுவும் உள்ள கடல் அது. சட்டப்படி விலகலில் பிழையில்லை. நான் சொன்ன நழுவும் வழி இதுதான்.

2013 டிசம்பரில் அவுஸ்திரேலிய உளவுத்துறை, திமோரின் வழக்கறிஞர் ஒருவருடைய கான்பரா அலுவலகத்தில் ஆவணங்களை எடுத்துச் சென்றது. அவுஸ்திரேலியா விலகியது கடல் எல்லைத் தகராறுகளுக்கு மட்டுமே என்பதால், திமோர் இதற்காகச் சர்வதேச நீதிமன்றம் போனது. 2014 மார்ச்சில், அந்த ஆவணங்களை முத்திரையிட்டு வைக்க வேண்டும், திமோருக்கும் அதன் சட்ட ஆலோசகர்களுக்கும் இடையிலான தொடர்பில் தலையிடக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. திமோர் கோரிய உரிமை இறைமைச் சமத்துவத்திலிருந்தே வரக்கூடும் என்று நீதிமன்றம் சொன்னதுதான் உங்களுக்கு முக்கியம். அடுத்த வருடம் ஆவணங்கள் திரும்பிவந்தன.

எல்லைப் பிரச்சினைக்கு நீதிமன்றக் கதவு மூடியே இருந்தது. ஆகவே 2016இல் திமோர், சமுத்திரச் சட்டச் சமவாயத்திலுள்ள கட்டாய இணக்கப்பாட்டு முறையைப் பிடித்தது. ஒரு தரப்பு விரும்பாவிட்டாலும், ஓர் ஆணைக்குழு இரு தரப்பையும் உட்காரவைத்து உடன்பாடு தேடும் முறை அது. ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என்று அவுஸ்திரேலியா வாதாடியது, அது எடுபடவில்லை. 2018 மார்ச்சில் எல்லை ஒப்பந்தம் கைச்சாத்தானது.

திருக்கோவில், ஆசிரியை: அந்த ஆணைக்குழுவின் அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாதே. அவுஸ்திரேலியா தன் பெயருக்குப் பயந்து இறங்கியது என்றால், அது சமத்துவத்தின் வெற்றியா, அரசியலா?

ரீச்சர், இதில் எனக்கும் முடிந்த முடிவு இல்லை. வெளியே தெரிந்த அவமானம் வேலை செய்திருக்கலாம். ஆனால் இரு தரப்பும் சமமாக உட்கார வேண்டிய மேசை இல்லாவிட்டால், அந்த அவமானம் வெளியே வந்திருக்குமா என்பது என் சந்தேகம். அந்தக் கடலின் பெரிய எரிவாயு வயலிலிருந்து குழாய் எந்தக் கரைக்குப் போவது என்பதை ஒப்பந்தம் தீர்க்கவில்லை. அதையும் பிள்ளைகள் கடைசிப் பந்தியில் எழுதட்டும்.