ஒரு மணி நேரப் பாடம், உண்மையில் எவ்வளவு நேரம்?

தோட்டங்களுக்கு மோட்டாரில் போய் கணிதமும் மலாயும் சொல்லிக் கொடுக்கிறேன். மணிக்கு 30 வெள்ளி. வாரத்துக்குப் பத்து வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எவ்வளவு கேட்கலாம்?
— ஆசிரியை, சுங்கை சிப்புட்

நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன், தங்கை. பாடம் நடப்பது வாரத்துக்கு 15 மணி நேரம். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வர 40 நிமிடம் என்றால், பத்து வகுப்புக்குப் பயணம் மட்டும் ஏறக்குறைய 6 மணி 40 நிமிடம். கேள்வித்தாள் தயாரிக்க, திருத்த இன்னும் 5 மணி நேரம். ஆக, 27 மணி நேரம் உழைத்து 450 வெள்ளி வாங்குகிறீர்கள். எண்ணெய்க்கும் தாளுக்கும் 40 வெள்ளி போனால், மணிக்கு 15 வெள்ளிதான். நீங்கள் சொல்லும் 30இல் பாதி.

இது மாணவர்கள் நிறைந்த மாதத்தின் கணக்கு. உங்களுக்கு எட்டு மாதம் முழு வகுப்பு, இரண்டு மாதம் பாதி, எஸ்.பி.எம். முடிந்து பள்ளி விடுமுறையும் சேரும் இரண்டு மாதம் கால் பங்கு. கூட்டினால் ஒன்பதரை மாத வேலை, அதாவது 38 வாரம், 570 மணி நேரம் பாடம். வருமானம் 17,100 வெள்ளி. எண்ணெய், தாள், டயர், சர்வீஸ், ரோட்டக்ஸ், காப்புறுதி எல்லாம் 2,600 என்று வையுங்கள். மீதியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,200 சொச்சம்.

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியாவது மாதாமாதம் வேண்டும் என்கிறீர்கள். ஆண்டுக்கு 20,400, செலவோடு 23,000. அதை 570ஆல் வகுத்தால் 40 வெள்ளி வருகிறது.

பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தோட்டத்து வீட்டில் போய் 40 கேட்டால், "வேற டீச்சர பாத்துக்கறோம்" என்பார்கள். ஆனால் 40 என்பது ஒரு வீடு தர வேண்டிய தொகை இல்லை, உங்கள் ஒரு மணி நேரம் கொண்டு வர வேண்டிய தொகை. பத்தில் நான்கு வகுப்பில் அதே வரிசை வீட்டுப் பிள்ளை ஒன்றையும் சேர்த்து உட்கார வையுங்கள், தலைக்கு 25 வெள்ளி. மற்ற ஆறு தனி வகுப்பை 35 ஆக்குங்கள். வாரத்துக்கு 300ம் 315ம் சேர்ந்து 615 வரும். 38 வாரத்தில் 23,000 தாண்டிவிடும். சேர்ந்து படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கோ இப்போது தருவதைவிட ஐந்து வெள்ளி குறைவு. இரண்டு பிள்ளைகளும் ஒரே ஆண்டில் படிப்பவர்களாக இருக்கட்டும். ஆண்டு 4ஐயும் படிவம் 2ஐயும் ஒரே மேசையில் வைத்தால் தயாரிப்பு நேரம் இரட்டிப்பாகும், லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

தூரத் தோட்டத்துக்குப் பெட்ரோல் காசு தனியாக வாங்கலாமா?

வேண்டாம். பெட்ரோல் காசு என்று பிரித்துச் சொன்னால், "எங்க வீட்டுக்காரரே வந்து கூட்டிக்கிட்டு வருவாரு" என்பார்கள். அப்புறம் அவருக்குக் காத்திருக்கும் நேரமும் உங்கள் கணக்கில் ஏறும். எண்ணெய் சில வெள்ளிதான், போவது நேரம். அதனால் தூர வீட்டுக்கு வகுப்பை நீட்டுங்கள். 40 நிமிடப் பயணம், பாடம் ஒரு மணி நேரம், தயாரிப்பு 20 நிமிடம் என்றால் 30 வெள்ளிக்கு இரண்டு மணி நேரம் போகிறது, மணிக்கு 15. அதே வீட்டில் இரண்டு மணி நேரப் பாடம் எடுத்தால் 3 மணி 20 நிமிடத்துக்கு 60, மணிக்கு 18. கட்டணம் ஒரு காசு ஏறவில்லை. ஆண்டு 2, 3 பிள்ளைகள் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள், அவர்களுக்கு இது ஒத்துவராது.

தயாரிப்புக்குக் கட்டணம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கத்தான் செய்வார்கள், தனியாகக் கேட்காதீர்கள். ஒருமுறை எழுதிய ஆண்டு 5 குறிப்பு அடுத்த பிள்ளைக்கும் உதவும். படிவம் 5 கூடுதல் கணிதம் ஒரே ஒரு பிள்ளைக்கென்றால், அந்த உழைப்பு அந்த ஒருவரோடு போய்விடும். அந்தப் பாடத்துக்கு மட்டும் விலை கூடட்டும்.

வராத நாளுக்குக் காசு கேட்பது நியாயமா?

நான் ஒருமுறை மழையில் செம்மண் சாலை வழியாகச் செம்பனைக்குள் பத்துக் கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பூட்டு. ஈப்போவில் கல்யாணமாம்! அன்று பயணமும் போச்சு, அந்த மணியை வேறு யாருக்கும் விற்கவும் முடியவில்லை. அதற்குப் பிறகு மணிக் கணக்கை விட்டுவிட்டு, மாதம் நான்கு வகுப்பு என்று மாத ஆரம்பத்திலேயே வாங்கிக்கொள்கிறேன். வகுப்புக்கு முந்தின நாளே வாட்ஸ்ஆப்பில் சொன்னால் அதே மாதத்துக்குள் வேறு நாள் தருவேன், சொல்லாமல் விட்டால் அந்த வகுப்பு முடிந்த கணக்கு. தீபாவளி வாரத்தை நானே முன்கூட்டி விட்டுவிடுகிறேன். அதற்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை.